பிராசஸிங் ஃபீ கட்டிக் குறைந்த வட்டியா, ஃபீ இல்லாமல் கூடுதல் வட்டியா? வீட்டுக் கடன் கேள்வி பதில்

40 லட்சம் வீட்டுக் கடன், 20 வருஷம். ஒரு வங்கி 8.25% வட்டி, ஆனால் அரை சதவீதம் பிராசஸிங் ஃபீ. இன்னொரு வங்கி ஃபீயே வேண்டாம், வட்டி 8.40% என்கிறது. எதை எடுக்கலாம்?

இந்தக் கடனை எத்தனை வருஷம் அதே வங்கியில் வைத்திருப்பீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் பதில். நீங்கள் சொன்ன எண்களுக்கு, 4 வருஷத்துக்குள் கடன் முடிந்துவிடும் என்றால் ஃபீ இல்லாததே லாபம். 5 வருஷம் தாண்டியும் அங்கேயே ஓடும் என்றால் ஃபீ கட்டிக் குறைந்த வட்டியை எடுங்கள். நடுவில் இருக்கும் ஒரு வருஷத்தில் பெரிய வித்தியாசம் இல்லை.

வீட்டை விற்பது, வேறு வங்கிக்கு மாற்றுவது, ஊரில் நிலம் விற்ற பணத்தில் மொத்தமாக அடைப்பது, இந்த மூன்றில் எது நடந்தாலும் இந்த வங்கியோடு கணக்கு அன்றோடு முடிந்தது. ஃப்ளோட்டிங் வட்டியில் வாங்கிய வீட்டுக் கடனைத் தனிநபர் முன்கூட்டியே அடைத்தால் அபராதம் வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012-லேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. ஆகவே வெளியே போக இந்த வங்கிக்கு அபராதம் கட்ட வேண்டியதில்லை. ஆனால் முதல் நாள் கட்டிய ஃபீ திரும்பி வராது. சீக்கிரம் போகும் வாய்ப்பு இருப்பவர் முன்பணமாக எதையும் கொடுக்கத் தயங்க வேண்டியது இதனால்தான்.

அந்த 4 வருஷம் எப்படி வந்தது? கணக்கைக் காட்டுங்கள்.

முதலில் ஃபீயைச் சரியாக எழுதிக்கொள்ளுங்கள். 40 லட்சத்தில் அரை சதவீதம் 20,000 ரூபாய். அதற்கு 18% ஜி.எஸ்.டி. 3,600. உங்கள் கையிலிருந்து போவது 23,600. விளம்பரத்தில் ஜி.எஸ்.டி.யைச் சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள், பலர் அதைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

8.25%-க்கு மாதத் தவணை 34,083. 8.40%-க்கு 34,460. மாதம் 377 ரூபாய் குறைவு. 48 மாதத்தில் தவணையில் மட்டும் மிச்சம் 18,096 ரூபாய்.

இதோடு நின்றால் பாதிக் கணக்குத்தான். 48-வது தவணை கட்டிய பிறகு பாக்கி அசல் எவ்வளவு என்று பாருங்கள். 8.25% கடனில் 36,27,140 ரூபாய், 8.40% கடனில் 36,32,980. குறைந்த தவணை கட்டியவருக்கே பாக்கியும் 5,840 ரூபாய் குறைவு. இரண்டையும் கூட்டினால் 23,936. ஃபீயாகக் கட்டிய 23,600 அப்போதுதான் திரும்ப வந்திருக்கிறது.

அதே கடனை 3 வருஷத்தில் அடைத்தால் மொத்த மிச்சம் ஏறக்குறைய 18,000 மட்டுமே. ஃபீயில் 5,600 ரூபாய் நஷ்டம்.

உங்கள் எண்களைப் போட்டுப் பார்க்க எக்செல் அல்லது கூகுள் ஷீட்டில் இந்த இரண்டு வரி போதும். முதல் வரி தவணையைத் தரும், இரண்டாவது 48 மாதம் கழித்துள்ள பாக்கியைத் தரும்.

```
=PMT(0.0825/12, 240, -4000000)
=FV(0.0825/12, 48, 34083, -4000000)
```

வங்கி வாசலிலேயே முடிவு செய்ய வேண்டுமென்றால் மனக்கணக்கு ஒன்று உண்டு. ஜி.எஸ்.டி.யோடு சேர்த்த ஃபீ சதவீதத்தை வட்டி வித்தியாசத்தால் வகுங்கள். இங்கே 0.59-ஐ 0.15-ஆல் வகுத்தால் 3.93 வருஷம். நீண்ட காலக் கடனின் முதல் சில வருஷங்களில் அசல் அதிகம் குறையாது என்பதால் இந்தக் குறுக்குவழி நன்றாகவே பொருந்துகிறது. 5 வருஷக் கார் கடனுக்கு இதைப் போடாதீர்கள். அங்கே அசல் வேகமாகக் கரையும், விடை தவறாக வரும்.

23,600-ஐ மாத மிச்சம் 377-ஆல் வகுத்தால் 63 மாதம் வருகிறதே. நீங்கள் 48 என்கிறீர்களே?

377 என்பது தவணையில் தெரியும் மிச்சம் மட்டும். முதல் மாதத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 40 லட்சத்துக்கு 8.25% வட்டி 27,500 ரூபாய், 8.40% வட்டி 28,000. வட்டியில் வித்தியாசம் 500. அதில் 377 உங்கள் கையில் நிற்கிறது, மீதி 123 சத்தமில்லாமல் அசலைக் குறைக்கிறது. கடனை அடைக்கும் நாளில்தான் அந்தத் தொகை கண்ணுக்குத் தெரியும். இ.எம்.ஐ. கால்குலேட்டரை மட்டும் பார்ப்பவர்கள் தவறவிடுவது இதைத்தான்.

ஆனால் என் 48 மாதக் கணக்கிலும் ஒன்றை விட்டிருக்கிறேன். ஃபீ இன்றே போகிறது, மிச்சம் கொஞ்சம் கொஞ்சமாக 4 வருஷத்தில் வருகிறது. இன்றைய 23,600 ரூபாயும் 4 வருஷம் கழித்துச் சேரும் 23,600 ரூபாயும் ஒன்றல்ல. ஃபீ இல்லாத கடனை எடுத்து, அந்த 23,600-ஐ முதல் மாதமே அசலில் கட்டியிருந்தால் அது 8.40% வட்டியை உங்களுக்கு மிச்சப்படுத்திக்கொண்டே இருக்கும். இதையும் சேர்த்துப் பார்த்தால் சமநிலை, அதாவது கட்டிய ஃபீ முழுதாகத் திரும்பி வரும் காலம், 5 வருஷத்தைச் சற்றுத் தாண்டிப் போகிறது. அதனால்தான் 4-லிருந்து 5 என்று ஒரு இடைவெளி சொன்னேன். கையில் தாராளமாகப் பணம் இருப்பவர் 4-ஐ எடுத்துக்கொள்ளலாம். கிரகப்பிரவேசச் செலவுக்கே கடன் வாங்கும் நிலையில் இருப்பவர் 5-ஐ, ஏன் 6-ஐக்கூட எடுத்துக்கொள்வது நல்லது. அவருக்கு இன்றைய 23,600 ரொம்பப் பெரிது.

லோன் ஏஜென்ட், ஃபீ கட்டினால் மொத்தம் 90 ஆயிரம் மிச்சம் என்று சொல்கிறார். பொய்யா?

கணக்கு சரிதான். 377-ஐ 240 மாதத்தால் பெருக்கினால் 90 ஆயிரத்தைத் தொடும். ஃபீயைக் கழித்தாலும் 67 ஆயிரம் நிற்கும். 20 வருஷமும் ஒரே வங்கியில், ஒரு ரூபாய்கூட முன்கூட்டிக் கட்டாமல், கடைசித் தவணை வரை போனால் அது உண்மை. அப்படிப் போவீர்களா என்று அவர் உங்களிடம் கேட்கவில்லை, அவ்வளவுதான். அவரிடம் "5 வருஷத்தில் அடைத்தால் எவ்வளவு மிச்சம்?" என்று கேளுங்கள். ஃபீ போகச் சுமார் 6,000 என்பதுதான் பதில்.

வங்கி கொடுத்த கே.எஃப்.எஸ். தாளில் ஏ.பி.ஆர். என்று ஒரு எண் இருக்கிறது. அதை மட்டும் ஒப்பிட்டால் போதாதா?

நல்ல தாள் அது, கட்டாயம் வாங்குங்கள். 2024 அக்டோபர் 1 முதல் புதிதாக அனுமதிக்கும் சில்லறைக் கடன் ஒவ்வொன்றுக்கும் இந்த முக்கிய விவரத் தாளைத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. வட்டியையும் கட்டணங்களையும் சேர்த்து ஒரே ஆண்டு விகிதமாகச் சொல்வதே ஏ.பி.ஆர்.

உங்கள் இரண்டு கடனில், ஃபீ உள்ளதற்கு 8.33% அளவிலும், வேறு கட்டணம் எதுவும் இல்லையென்றால் ஃபீ இல்லாததற்கு 8.40% என்றும் வரும். முதல் கடன் மலிவு என்றே தோன்றும். ஆனால் அந்த 8.33%, 23,600 ரூபாயை 20 வருஷத்துக்குப் பரப்பிப் போட்ட எண். நீங்கள் 3 வருஷத்தில் அடைத்தால் அதே ஃபீ 3 வருஷத்தின் மேல் விழுகிறது. அப்போது அந்தக் கடனின் உண்மையான விலை ஏறக்குறைய 8.48%. ஃபீ இல்லாததைவிட அதிகம். இரண்டு கடனிலும் மறைந்திருக்கும் கட்டணங்களைக் கண்டுபிடிக்க ஏ.பி.ஆர். உதவும். எவ்வளவு காலம் வைத்திருப்பது என்ற கேள்விக்கு அது பதில் சொல்லாது.

ஃப்ளோட்டிங் வட்டிதானே, மாறிக்கொண்டே இருக்கும். இன்று 0.15% குறைவு என்பது நாளைக்கும் இருக்குமா?

முடிவையே புரட்டிப் போடக்கூடிய கேள்வி இது. ஃபீ என்பது நீங்கள் இப்போதே கொடுத்துவிடும் பணம், குறைந்த வட்டி என்பது வங்கி இனிமேல் காப்பாற்ற வேண்டிய வாக்கு. அந்த வாக்கு எவ்வளவு உறுதி என்று பார்க்க வேண்டும்.

2019 அக்டோபர் 1 முதல் வங்கிகள் புதிதாகத் தரும் ஃப்ளோட்டிங் வீட்டுக் கடன்களின் வட்டி வெளி அளவுகோல் ஒன்றோடு கட்டப்பட்டிருக்கிறது. பெரும்பாலும் அது ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கடன் தரும் ரெப்போ விகிதம். அதன்மேல் வங்கி ஒரு ஸ்பிரெட் சேர்க்கிறது. ரெப்போ 5.25% ஆக இருக்கும்போது உங்களுக்கு 8.25% என்றால் ஸ்பிரெட் 3.00%. மற்ற வங்கியில் 3.15%. ரெப்போ ஏறினாலும் இறங்கினாலும் இரண்டும் ஒன்றாகவே ஏறி இறங்கும். 2022 மே தொடக்கத்தில் 4% ஆக இருந்த ரெப்போ 2023 பிப்ரவரியில் 6.50%-ஐத் தொட்டது, பிறகு 2025-ல் 5.25% வரை இறங்கியது. அப்படிப்பட்ட ஆட்டத்திலும் இந்த 0.15% வித்தியாசத்துக்கு ஒன்றும் ஆகாது. ரெப்போ எங்கே போகும் என்று ஊகித்து இந்த முடிவை எடுக்க வேண்டியதில்லை.

கவனிக்க வேண்டியது ஸ்பிரெட்டை. அதில் உங்கள் கடன் தகுதிக்கான பகுதியை, தகுதியில் பெரிய மாற்றம் வந்தால்தான் வங்கி தொடலாம். தவணை தவறி சிபில் மதிப்பெண் சரிந்தால் அது நடக்கும். மற்ற பகுதிகளை 3 வருஷத்துக்கு ஒரு முறைதான் உயர்த்த முடியும். இப்போது உங்கள் கணக்கைத் திரும்பப் பாருங்கள். ஃபீ திரும்ப வர 4 வருஷம் வேண்டும், ஆனால் அந்த ஸ்பிரெட்டுக்குக் காவல் 3 வருஷம். நல்ல வங்கிகள் சும்மா உயர்த்துவதில்லை என்றாலும், சமநிலைக் காலம் 3 வருஷத்துக்குள் வந்தால் நிம்மதி. 0.59% ஃபீக்கு 0.20% வட்டி குறைந்தால் அந்த எல்லைக்குள் வந்துவிடும். என்னிடம் யார் கேட்டாலும் அந்த 0.20%-ஐத்தான் குறியாக வைத்துப் பேசச் சொல்வேன்.

வீட்டுவசதி நிதி நிறுவனங்கள் வேறு கதை. அவை ரெப்போவோடு கட்ட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தங்கள் சொந்த அடிப்படை விகிதத்தை வைத்து, அதிலிருந்து தள்ளுபடி என்று வட்டி சொல்வார்கள். ரெப்போ இறங்கினாலும் பழைய வாடிக்கையாளருக்கு அது முழுதாக வந்து சேராமல் போகலாம். வெளியில் புதியவர்களுக்கு வட்டி குறைந்திருக்கும், உங்களுக்குக் குறைக்க "கன்வர்ஷன் ஃபீ" கேட்பார்கள். அங்கே குறைந்த வட்டிக்காக முன்பணம் கட்டுவதில் எனக்கு நம்பிக்கை குறைவு. ஃபீ இல்லாமல் கிடைத்தால் அதை எடுங்கள்.

இன்னொன்று, சாங்ஷன் லெட்டரில் "முதல் 12 மாதத்துக்கு" என்ற வார்த்தை இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் அதற்குப் பிறகு வரும் வட்டிதான் உங்கள் வட்டி.

கட்டிக்கொண்டிருக்கும் ஃபிளாட்டுக்குக் கடன். கணக்கு மாறுமா?

நிறைய மாறும். பிராசஸிங் ஃபீ பொதுவாக அனுமதித்த தொகை முழுவதற்கும் முதலிலேயே போய்விடும். பணமோ அஸ்திவாரம், ஒவ்வொரு ஸ்லாப், பூச்சு வேலை என்று பகுதி பகுதியாகத்தான் பில்டருக்குப் போகும். வட்டி மிச்சம் கிடைப்பது டிஸ்பர்ஸ் ஆன தொகைக்கு மட்டும்.

கட்டுமானம் 2 வருஷம் என்றும், அந்தக் காலத்தில் சராசரியாகப் பாதித் தொகை, அதாவது 20 லட்சம், வெளியே போயிருக்கும் என்றும் வைத்துக்கொள்வோம். 0.15% வித்தியாசத்தில் வருஷத்துக்கு 3,000, இரண்டு வருஷத்தில் 6,000தான் மிச்சம். முழுத் தொகையும் ஓடியிருந்தால் 12,000 வந்திருக்கும். சமநிலை இன்னும் ஒரு வருஷம் தள்ளி 5-க்குப் போகிறது, ஃபீ மீதான வட்டியையும் சேர்த்தால் 6-ஐத் தாண்டும். பில்டர் தாமதம் செய்தால் அதுவும் தள்ளிப்போகும். திட்டம் நின்றுபோய் மீதிக் கடனே எடுக்காமல் விட்டால், எடுக்காத பணத்துக்கும் ஃபீ கட்டியதாகிவிடும். கட்டுமானத்தில் உள்ள வீட்டுக்கு ஃபீ இல்லாத கடனையே நான் முதலில் தேடச் சொல்வேன். முடியாவிட்டால், டிஸ்பர்ஸ் ஆகும் தொகைக்கு ஏற்பப் பிரித்து வாங்கச் சொல்லிக் கேளுங்கள்.

வருஷா வருஷம் போனஸில் கொஞ்சம் அசலைக் கட்டும் பழக்கம் எனக்கு உண்டு. எனக்கு எது?

அசல் குறையக் குறைய, குறைந்த வட்டியால் வரும் மிச்சமும் குறையும். 2 வருஷம் முடிந்ததும் 10 லட்சம் கட்டினால் பாக்கி 38 லட்சத்திலிருந்து 28 லட்சத்துக்கு இறங்கும். அதுவரை வருஷம் 6,000 வந்த மிச்சம் 4,200 அளவுக்கு வந்துவிடும். 4 வருஷத்தில் திரும்பியிருக்க வேண்டிய ஃபீ நாலரை வருஷத்தைத் தாண்டும். பெரிய தொகை கட்டப்போவது நிச்சயம் என்றால் ஃபீ இல்லாத பக்கம் சாயுங்கள். வருஷம் ஒரு தவணை கூடுதலாகக் கட்டுவது போன்ற சிறிய தொகை என்றால் முடிவு மாறாது.

"ஜீரோ பிராசஸிங் ஃபீ" என்றால் கையிலிருந்து எதுவும் போகாதா?

போகும். வக்கீல் கருத்துரை, சொத்து மதிப்பீடு, சொத்துப் பத்திரத்தை வங்கியிடம் அடமானமாக ஒப்படைப்பதற்கான எம்.ஓ.டி. பதிவின் முத்திரைத்தாள் செலவு ஆகியவை தனி. எம்.ஓ.டி. செலவு இரண்டு வங்கியிலும் ஒன்றுதான், ஒப்பீட்டில் அதை விட்டுவிடலாம். வக்கீல், மதிப்பீட்டுக் கட்டணங்களைச் சில வங்கிகள் ஃபீக்குள் அடக்குகின்றன, சில தனியே வாங்குகின்றன. இதைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

பெரிய ஓட்டை இன்ஷூரன்ஸ். ஃபீ இல்லை என்று சொல்லிவிட்டு, கடனோடு ஒரே தவணைக் காப்பீட்டுப் பிரீமியத்தைச் சேர்த்து 41 லட்சமாக அனுமதிப்பார்கள். 23,600 ரூபாயைத் தவிர்க்கப் போனவர் ஒரு லட்சத்துக்கு 20 வருஷம் வட்டி கட்டுவார். சாங்ஷன் தொகை நீங்கள் கேட்ட தொகையைவிட அதிகமாக இருந்தால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள். காப்பீடு வேண்டும் என்றால் தனியாக டேர்ம் பாலிசி எடுத்துக்கொள்ளலாம். வங்கியின் வழியாக வசூலாகும் காப்பீட்டுக் கட்டணமும் கே.எஃப்.எஸ்.-இல் காட்டப்பட வேண்டும், அந்த வரியைத் தேடிப் பாருங்கள்.

ஃபீயைக் கடனோடு சேர்த்துவிட்டால் கையிலிருந்து போகாதே?

போகாது, ஆனால் அதற்கும் வட்டி ஓடும். சமநிலையை 5 வருஷம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கடன் கிடைக்காவிட்டால் ஃபீ திரும்ப வருமா?

விண்ணப்பத்தோடு வாங்கும் லாகின் ஃபீ பெரும்பாலும் வராது. மீதி ஃபீயை சாங்ஷனுக்குப் பிறகு, முடிந்தால் முதல் டிஸ்பர்ஸ்மென்டின்போது பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். சொத்துப் பத்திரத்தில் வில்லங்கம் இருக்கும் என்ற சந்தேகம் இருந்தால் இது ரொம்ப முக்கியம். வக்கீல் ஆட்சேபித்துக் கடன் நின்றுபோகும் வாய்ப்பு அங்கே உண்டு.

ஏற்கெனவே 8.75%-இல் கடன் ஓடுகிறது. ஃபீ கட்டி 8.25%-க்கு மாற்றலாமா?

அதே வகுத்தல்தான், மேலே இரண்டு விஷயம் கூடும். புதிய வங்கிக்காக எம்.ஓ.டி.யை மறுபடி பதிவு செய்ய வேண்டும், பழையதை ரத்து செய்யும் ரசீதுக்கும் செலவு. இங்கே இவை இரு பக்கமும் சமம் கிடையாது, மாறினால் மட்டுமே வரும். ஆகவே ஃபீயோடு சேர்த்து எல்லாவற்றையும் கூட்டி, பாக்கித் தொகையின் சதவீதமாக்கி, 0.50-ஆல் வகுங்கள். மொத்தச் செலவு 1% ஆனால் 2 வருஷம். மீதி 10 வருஷம் இருப்பவர் தயங்காமல் மாறலாம்.

மாறும் முன் உங்கள் வங்கிக்கே ஒரு கடிதம் கொடுங்கள். வாடிக்கையாளரைத் தக்கவைக்க ஸ்பிரெட்டை 3 வருஷத்துக்கு முன்பே குறைக்கவும் 2025-ல் ரிசர்வ் வங்கி வழிவிட்டிருக்கிறது. குறைத்தால் எம்.ஓ.டி. செலவே இல்லை.

ஃபீயும் வேண்டாம், வட்டியும் குறைய வேண்டும் என்று பேரம் பேச முடியுமா?

சிபில் மதிப்பெண் நன்றாக இருந்து, சம்பளக் கணக்கும் ஒழுங்காக இருந்தால் முடியும். கிளை மேலாளருக்கு வட்டியைத் தொடும் அதிகாரம் பொதுவாகக் குறைவு, ஃபீயைக் குறைப்பதில் கை கொஞ்சம் நீளும். அதனால் முதலில் குறைந்த வட்டி தரும் வங்கியில் சாங்ஷன் வாங்குங்கள். பிறகு மற்ற வங்கியின் கே.எஃப்.எஸ்.-ஐக் காட்டி ஃபீயைப் பற்றி மட்டும் பேசுங்கள். பண்டிகைக் காலத்திலும் மார்ச் மாதக் கணக்கு முடிவிலும் சலுகைகள் அதிகம் வரும். அரை சதவீத ஃபீ பாதியானால் 11,800 ரூபாய், சமநிலை 2 வருஷம். அங்கே யோசிக்கவே வேண்டாம், வாங்கிவிடுங்கள்.

சாங்ஷன் கொடுத்தவர்கள் "இன்றே கையெழுத்துப் போடுங்கள், நாளைக்கு இந்த வட்டி இருக்காது" என்று அவசரப்படுத்தினால் அசர வேண்டாம். கே.எஃப்.எஸ்.-இல் சொன்ன நிபந்தனைகள் குறைந்தது 3 வேலை நாள் செல்லும். இரண்டு தாளையும் வீட்டுக்குக் கொண்டுவந்து, மேலே கொடுத்த இரண்டு வரியையும் உங்கள் எண்களோடு ஓட்டிப் பார்க்க அந்த அவகாசம் தாராளம்.